குழிக்குள் மூன்று பேர்: ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு குட்டிக் கதை, ஐந்து கேள்வி, ஒரு படம்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் பிள்ளைக்கு ஞாபகம் வரும். "அம்மா, நாளைக்குக் கூட்டு முயற்சி பத்தி ஒரு கதை வேணும், அஞ்சு கேள்வி வேணும், படம் வரையணும்" என்று பிள்ளை வந்து நிற்கும். நீயும் அவசரத்தில் நாலு மாடும் சிங்கமும் கதையை எடுத்து எழுதிவிடுவாய். வேண்டாம், தங்கச்சி. அடையாறில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளைச் சாயங்காலம் உட்காரவைத்துப் படிக்கவைத்துப் பல வருஷம் ஆகிறது. அதில் நானும் பிறரும் செய்த தப்புகளை எல்லாம் பார்த்துவிட்டேன். நீ மறுபடி செய்ய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. தெரிந்த கதையை எடுக்காதே

நாலு மாடு கதையும், வேடன் வலையைத் தூக்கிக்கொண்டு பறந்த புறாக்கள் கதையும் நல்ல கதைகள்தான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை அவற்றைப் பாட்டியிடமோ டிவியிலோ ஏற்கெனவே கேட்டிருக்கும். அதனால் வரியைப் படிக்காமலேயே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடும். பிள்ளைக்குப் படிக்கத் தெரிகிறதா என்று நீ கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொரு குறையும் உண்டு. புறாக் கதையில் எல்லாப் புறாவும் ஒரே வேலையைச் செய்கின்றன, எல்லாமே பறக்கின்றன. ஆளுக்கொரு வேலை செய்து, ஒருவர் வேலை நின்றால் மற்றவர் வேலையும் வீணாகிறது என்பது அதில் தெரியாது. பிள்ளைக்குப் புரியவேண்டிய இடம் அதுதான்.

நான் எடுப்பது நம் பெசன்ட் நகர் மணலில் நிஜமாக நடக்கும் ஒரு விஷயம். ஜனவரியிலிருந்து சில மாதம் பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறும். ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் மாதிரிக் குழி தோண்டி, நூறு முட்டைபோல இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். ஏழெட்டு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். தாய் பக்கத்தில் இருக்காது. தலைக்கு மேலே ஒன்றரை அடி மணல். உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சு எப்படி வெளியே வரும்?

எல்லாம் சேர்ந்துதான் வரும். மேலே இருப்பவை கூரை மணலைச் சுரண்டும். ஓரத்தில் இருப்பவை சுவரைச் சுரண்டும். விழுகிற மணலை அடியில் இருப்பவை நெளிந்து நெளிந்து மிதித்துக் கெட்டியாக்கும். அப்படித் தரை உயர உயர, மொத்தக் கூட்டமும் லிப்டில் வருகிற மாதிரி மேலே வரும். இதற்குச் சில நாள் பிடிக்கும். மேல் மணல் வெயிலில் சுட்டால் அப்படியே நின்றுவிடும். ராத்திரி மணல் குளிர்ந்ததும் கூட்டமாக வெளியே வந்து கடலுக்கு ஓடும்.

ஆர்ச்சி கார் என்ற ஆமை ஆராய்ச்சியாளர் குழியின் பக்கவாட்டில் கண்ணாடி வைத்து இதைப் பார்த்தார். அவரும் ஹெரால்ட் ஹிர்த்தும் 1961-ல் வெளியிட்ட ஆய்வில் பச்சை ஆமை முட்டைகளை ஒற்றை ஒற்றையாகவும் புதைத்துப் பார்த்தார்கள், கூட்டமாகவும் புதைத்துப் பார்த்தார்கள். ஒற்றையாகப் பொரித்த குஞ்சுகளில் பெரும்பாலானவை மேலே வரவே இல்லை. இதைவிட நல்ல கரு உனக்கு எங்கே கிடைக்கும்? "தனியாகப் போனால் முடியாது" என்று நீ வாயால் சொல்ல வேண்டாம், மணலே சொல்லிவிடும்.

2. கதையை இந்த அளவில் எழுது

நான் எழுதியதையே தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள். முதலில் படித்துப் பார், ஏன் இப்படி எழுதினேன் என்று பிறகு சொல்கிறேன்.

*குழிக்குள் மூன்று பேர்*

*கடற்கரை மணலுக்குள் ஒரு குழி. குழிக்குள் நிறைய ஆமைக் குஞ்சுகள். மேலே இருந்தது மேலு. பக்கத்தில் இருந்தது பக்கு. அடியில் இருந்தது கீழு.*

*"நான்தான் மேலே இருக்கிறேன். நானே முதலில் கடலுக்குப் போவேன்!" என்றது மேலு.*

*மேலு மணலைச் சுரண்டியது. மணல் பொலபொல என்று விழுந்தது. மேலுவின் கண்ணில் விழுந்தது. கீழுவின் முதுகிலும் விழுந்தது. மேலு இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குக் கால் வலித்தது.*

*"விழுகிற மணலை நான் மிதிக்கட்டுமா?" என்று கேட்டது கீழு.*

*"நான் சுவரைச் சுரண்டட்டுமா?" என்று கேட்டது பக்கு.*

*"சரி" என்றது மேலு, மெதுவாக.*

*மேலு கூரையைச் சுரண்டியது. பக்கு சுவரைச் சுரண்டியது. கீழு மணலை மிதி மிதி என்று மிதித்தது. தரை கொஞ்சம் உயர்ந்தது. மறுபடி சுரண்டல். மறுபடி மிதி. தரை இன்னும் உயர்ந்தது.*

*மேலுவின் மூக்கில் சூடு பட்டது. "நில்லுங்கள்!" என்றது மேலு. பக்கு நின்றது. கீழு நின்றது. எல்லாம் சும்மா இருந்தன.*

*மணல் குளிர்ந்தது. "இப்போது வாருங்கள்!" என்றது மேலு.*

*வெளியே நிலா. எதிரே கடல். மேலு ஓடவில்லை. திரும்பிப் பார்த்தது.*

*"கீழு எங்கே?" என்று கேட்டது.*

அவ்வளவுதான் கதை. கடைசியில் மேலு திரும்பிப் பார்ப்பதும் பேசுவதும் என் கற்பனை. நிஜக் குஞ்சு நிற்காது, நேராகக் கடலுக்கு ஓடும். பிள்ளை கேட்டால் இதை மறைக்காமல் சொல். கதையில் ஆமை பேசும், நிஜத்தில் பேசாது என்பதை ஏழு வயதுப் பிள்ளை தாராளமாகப் புரிந்துகொள்ளும். ஆனால் சுரண்டுவது, மிதிப்பது, சூட்டில் நிற்பது மூன்றும் நிஜம். அவற்றை மாற்றாதே.

இனி எழுதும்போது கவனிக்கவேண்டியவை:

- மூன்று பாத்திரத்துக்கு மேல் போகாதே. நாலாவது வந்தால் யார் எதைச் செய்தது என்று பிள்ளைக்குக் குழம்பும். பெயரிலேயே இடம் தெரியட்டும். மேலு, பக்கு, கீழு என்றால் பிள்ளை சிரிக்கும், மறக்காது. சுந்தரி, சுமதி, சுகந்தி என்று ஒரே எழுத்தில் பெயர் வைத்தாயானால் முதல் எழுத்தைப் பார்த்தே படித்துவிட்டுத் தப்பும் தவறுமாகச் சொல்லும்.

- ஒரு வாக்கியத்தில் மூன்றிலிருந்து ஆறு சொல் போதும். "வெளியேறிக்கொண்டிருந்தபோது" மாதிரி ரயில் வண்டிச் சொல் வேண்டாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அதை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் வாக்கியத்தின் ஆரம்பத்தை மறந்திருக்கும்.

- வீட்டில் "வந்துச்சு, இருந்துச்சு" என்று பேசுகிற பிள்ளைக்கு "வந்தது" பழகியிருக்கும், "வந்தன" தடுக்கும். பேச்சில் இல்லாத உருவம் அது. அதனால்தான் "எல்லாம் சும்மா இருந்தன" என்ற ஒரே இடத்தில் மட்டும் அதை வைத்தேன். அந்த இடத்தில் பிள்ளை திக்கினால் திட்டாதே, நீ ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டு நகரு. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு விஷயத்திலேயே பாதித் தமிழ்க் கஷ்டம் இருக்கிறது.

- நீதியை எழுதாதே. இதை மூன்று முறை சொன்னதாக வைத்துக்கொள். ஒரு வருஷம் "ஒற்றுமையே பலம்" என்று கடைசியில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து கேள்விக்கும் ஒரு பையன் அதையே பதிலாக எழுதிக்கொண்டு வந்தான். "குழியின் அடியில் இருந்தது யார்?" "ஒற்றுமையே பலம்." தப்பு அவன்மேல் இல்லை, நான் கையில் பதிலைக் கொடுத்துவிட்டேன்.

3. முதலில் நீ படி, அப்புறம் பிள்ளை படிக்கட்டும்

நீ ஒருமுறை சத்தமாக, நிதானமாகப் படி. "பொலபொல", "மிதி மிதி" வருகிற இடத்தில் கையை ஆட்டிப் படி. அடுத்து பிள்ளை படிக்கட்டும், நீ வரிக்கு அடியில் விரல் வை. தடுக்கினால் மனதுக்குள் மூன்று எண்ணு, அதற்குள் வராவிட்டால் சொல்லைச் சொல்லிக்கொடு. ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி எழுத்துக் கூட்டச் சொன்னால் கதை செத்துவிடும். இரண்டு வாசிப்பும் சேர்ந்து பத்து நிமிஷத்துக்குள் முடியவேண்டும்.

"தரை உயர்ந்தது" என்பது நிறையப் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. தரை எப்படி உயரும் என்று முழிக்கும். வாயால் விளக்காதே, அடுப்படிக்குக் கூட்டிப்போ. கண்ணாடி டம்ளர் ஒன்று, சட்டைப் பட்டன் ஒன்று, அரைக் கப் ரவை. பட்டனை அடியில் போடு, அதுதான் கீழு. ஒரு ஸ்பூன் ரவையைத் தூவு. பட்டனைப் புரட்டி எடுத்து ரவைமேல் வைத்து ஸ்பூனால் அமுக்கு. அடுத்த ஸ்பூன் தூவு, மறுபடி மேலே வைத்து அமுக்கு. நாலு ஸ்பூனில் பட்டன் எங்கே வந்துவிட்டது என்று டம்ளரின் வெளியிலிருந்து பார்க்கச் சொல். பிறகு ரவையைத் தூவி, பட்டனை அசைக்காமல் விட்டுக் காட்டு. பட்டன் புதைந்துபோகும். மேலு மட்டும் சுரண்டியபோது நடந்தது இதுதான். எவர்சில்வர் டம்ளரில் செய்யாதே, வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

4. ஐந்து கேள்வி, அதற்கு மேல் வேண்டாம்

பத்துக் கேள்வி எழுதினால் நீயும் களைப்பாய், பிள்ளையும் கடைசி ஐந்துக்கு ஏதாவது கிறுக்கும். இந்த ஐந்தையும் இந்த வரிசையிலேயே கேள். சுலபத்திலிருந்து கடினத்துக்குப் போகும்.

அ. குழியின் அடியில் இருந்தது யார்?

ஆ. மேலு தனியாகச் சுரண்டியபோது மணல் எங்கெங்கே விழுந்தது?

இ. தரை எப்படி உயர்ந்தது?

ஈ. மேலு ஏன் "நில்லுங்கள்" என்றது?

உ. கீழு தூங்கிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முதல் இரண்டும் வரியிலேயே இருக்கின்றன. தாளைப் பார்த்துச் சொல்லட்டும், விரலால் தொட்டுக் காட்டட்டும். கதையை மூடிவைத்துவிட்டுக் கேட்காதே, அது ஞாபகசக்திப் பரீட்சை ஆகிவிடும். இரண்டாவதில் பிள்ளை "கண்ணுல" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், "எங்கெங்கே" என்பதை அழுத்தி ஒருமுறை திருப்பிக் கேள். இரண்டு இடம் உண்டு என்று தானே தேடிப்போகும்.

மூன்றாவதுதான் முக்கியம். அதன் பதில் ஒரு வரியில் இல்லை, மூன்று வரியைச் சேர்த்தால்தான் வரும். போன பங்குனியில் எதிர் வீட்டுச் சின்னவளிடம் கேட்டேன். "கீழு மிதிச்சுச்சு" என்றாள். பாதிப் பதில். சரி என்று சொல்லி நகர்ந்திருந்தால் போச்சு. தப்பு என்று சொல்லியிருந்தாலும் போச்சு, வாயை மூடிக்கொண்டிருப்பாள். "மிதிக்க மணல் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். தாளைப் பார்த்தாள். "மேலு சுரண்டுனதுல." "மேலு மட்டுமா?" மறுபடி பார்த்தாள். "பக்குவும் சுவத்தச் சுரண்டுச்சு. ரெண்டு பேரும் மணல் குடுத்தாங்க, கீழு அமுக்குச்சு." என் வாயிலிருந்து "கூட்டு முயற்சி" என்ற சொல்லே வரவில்லை, பார்த்தாயா? அவளுக்கு அது கிடைத்துவிட்டது.

நாலாவதில் ஒரு பொறி வைத்திருக்கிறேன். வெயில் என்ற சொல் கதையில் இல்லை. "சூடு பட்டது" என்பதிலிருந்து வெளியே பகல் என்று பிள்ளை ஊகிக்கவேண்டும். "கால் வலிச்சுது, அதான்" என்றால் வேறு வரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். "சூடு எங்கே பட்டுது? எப்ப மணல் சுடும்?" என்று கேள். மத்தியானம் பீச் மணலில் செருப்பில்லாமல் நடந்த பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாவதற்கு ஒரே சரியான பதில் கிடையாது. "மேலு மணல்ல புதைஞ்சுபோயிருக்கும்" என்றாலும் சரி, "பக்கு எழுப்பியிருக்கும்" என்றாலும் சரி. "ஏன் அப்படிச் சொல்றே?" என்று மட்டும் கேள். கதையிலிருந்து ஒரு காரணம் சொன்னால் போதும். "சோகமா இருக்கும்" என்று நிறுத்திவிட்டால்தான் யோசிக்கவில்லை என்று பொருள்.

பேச்சுத் தமிழில் பதில் வந்தால் வாங்கிக்கொள். எழுதும்போது மணலுக்கு "மனல்" என்று எழுதினால் அந்த நேரத்தில் திருத்தாதே. நீ இப்போது பார்ப்பது புரிந்ததா என்பதை மட்டும். ன, ண பாடம் செவ்வாய்க்கிழமை இருக்கட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்துகிற வீட்டுப் பிள்ளை, எழுத்துப் பிழைக்குப் பயந்து பதிலையே ஒரு சொல்லாகச் சுருக்கிவிடும். இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"இந்தக் கதையில் வரும் நீதி என்ன?" என்ற கேள்வியைக் கேட்கவே கேட்காதே.

5. படம்: கடலை வரையச் சொல்லாதே, குழியை வரையச் சொல்

"கதைக்கு ஒரு படம் வரை" என்று சொன்னால் பத்தில் எட்டுப் பிள்ளை ஒரு கடல், ஒரு சூரியன், ரெண்டு தென்னைமரம், ஒரு சிரிக்கிற ஆமை வரையும். அழகாகத்தான் இருக்கும். அதில் கதை இருக்காது.

இப்படிச் சொல்: "குழியைக் கத்தியால வெட்டின மாதிரிப் பக்கத்திலேருந்து வரை. மேலு, பக்கு, கீழு மூணு பேரும் வேலை செய்யற நேரம்." ஏ4 தாளைப் படுக்கையாகப் போடு. மேலிருந்து கால் பாகத்தில் ஒரு கோடு மட்டும் நீ போட்டுக் கொடு, அது கடற்கரைத் தரை. கோட்டுக்குக் கீழே குடம் மாதிரிக் குழி பிள்ளையே போடட்டும். வெட்டுத் தோற்றம் புரியாவிட்டால் ஒரு கொய்யாப்பழத்தைப் பாதியாக வெட்டிக் காட்டு, உள்ளே விதை தெரிகிற மாதிரி என்று சொல். நீ மாதிரிப் படம் போட்டுக் காட்டாதே. காட்டினால் உன் படத்தைப் பார்த்துத்தான் வரையும், பிள்ளைக்குப் புரிந்தது வெளியே வராது.

முதலில் பென்சில், கலர் கடைசியில். கிரேயானைத் தொடக்கத்திலேயே கையில் கொடுத்தால் மணலுக்கு மஞ்சள் தேய்த்தே நேரம் போய்விடும். இதற்காகப் பாண்டி பஜார் போய்ப் புது டப்பா வாங்கவும் வேண்டாம், வீட்டில் இருக்கிற உடைந்த கிரேயான் நாலு போதும்.

முடிந்ததும் அழகைப் பார்க்காதே, நாலு விஷயம் பார். மூன்று குஞ்சும் மூன்று இடத்தில் இருக்கிறதா? ஒவ்வொன்றின் காலும் வேறு வேறு வேலை செய்கிறதா? மணல் மேலிருந்து கீழே விழுகிறதா? கீழுவின் காலடியில் மணல் சேர்ந்திருக்கிறதா? கடைசியது இருந்தால் பிள்ளைக்குக் கதை முழுதும் புரிந்துவிட்டது, ஐந்து கேள்வியையும் விட அது பெரிய சாட்சி. மூன்றும் வரிசையாக நின்று சிரித்தால் மூன்றாவது கேள்விக்குத் திரும்பிப் போ, ரவை டம்ளரை மறுபடி எடு. வானத்தில் சூரியன் இருந்தால் உடனே அழிக்கச் சொல்லாதே. "இது எந்த நேரம்?" என்று கேள். "சுடுது, அதான் நிக்கறாங்க" என்று ஒரு பையன் சொன்னான். என் மனதில் நிலா இருந்தது, அவன் வரைந்தது அதற்கு முந்தின காட்சி. அவன் சொன்னதுதான் சரி.

எழுதத் திணறுகிற பிள்ளைக்குப் படத்தை முதலில் கொடுத்துவிடு, கேள்வியைப் படத்தைக் காட்டியே கேள். வரையப் பிடிக்காத பிள்ளைக்கு மூன்று வட்டமும் கால் குச்சிகளும் போதும். படத்துக்கு மதிப்பெண் போடாதே. தாளின் பின்னால் தேதியையும், பிள்ளை படத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வரியையும் அதன் வார்த்தையிலேயே நீ எழுதிவை.

6. நேரம்

வாசிப்புக்குப் பத்து நிமிஷம், ரவைக்கு ஐந்து, கேள்விக்குப் பத்து. படத்தை அடுத்த நாளுக்குத் தள்ளினாலும் தப்பில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள், சாப்பிட்ட பிறகு தூக்கம் வந்துவிடும். இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் இன்னும் நல்லது: கதையில் ஆளுக்கொரு பாத்திரம் படிக்கட்டும், படத்தில் ஆளுக்கொரு குஞ்சு வரையட்டும். ஒரே தாள், ஒரே அழிரப்பர் கொடு. முதலில் சண்டை வரும். ஐந்து நிமிஷம் உள்ளே போகாதே.

7. பீச்சுக்குக் கூட்டிப்போவதானால்

கதை முடிந்ததும் "நிஜமாவே பாக்கணும்" என்று அடம் பிடிக்கும். 1988-லிருந்து ஆமைகளைக் காக்கும் மாணவர் அமைப்பு ஒன்று நம் ஊரில் இருக்கிறது. சீசனில் அதன் ஆட்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். நாய் தோண்டிவிடும் என்பது ஒரு காரணம். விளக்கு இன்னொரு காரணம்: குஞ்சுகள் இருட்டில் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நினைத்து ஓடும், கடற்கரைச் சாலை விளக்கு அவற்றைத் திசை திருப்பிவிடும்.

அதனால் போனால் டார்ச் அடிக்காதே, போனில் ப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதே, பிள்ளை குஞ்சைக் கையில் எடுக்க விடாதே. மணலில் தானாக ஓடவேண்டும் அது. தூரத்தில் உட்கார்ந்து, எது மேலு, எது கீழு என்று பிள்ளையே காதில் சொல்லட்டும்.